புளூம் ஃபில்டர் சொல்லும் ‘இல்லை’ பொய்யாகுமா?

கணினி அறிவியல் படிக்கத் தொடங்கும் பலரிடம் ஒரு நம்பிக்கை இருக்கிறது. புளூம் ஃபில்டர் உத்தேசமாகப் பதில் சொல்லும் கருவி, எனவே அது இரண்டு பக்கமும் தவறும் என்பதே அது. இல்லாததை ‘இருக்கிறது’ என்று சொல்வதுபோல, இருப்பதையும் சில நேரம் ‘இல்லை’ என்று சொல்லிவிடும் என்று எண்ணுகிறார்கள். மருத்துவப் பரிசோதனைகள் இரு விதமாகவும் பிழைபடுவதைப் பார்த்தவர்கள் இப்படி நினைப்பதில் வியப்பில்லை. ஆனால் புளூம் ஃபில்டர் அப்படிப்பட்டதல்ல. அதன் பிழை ஒரு பக்கம் மட்டுமே சாயும். கருவியின் பயன் முழுவதும் அந்தச் சாய்வில்தான் இருக்கிறது.

பர்ட்டன் புளூம் 1970இல் இந்த முறையை வெளியிட்டபோது எடுத்துக்கொண்ட உதாரணம், ஆங்கிலச் சொற்களை வரி முடிவில் எங்கே உடைப்பது என்பது. மொத்தம் 5 லட்சம் சொற்கள். அவற்றில் 90 சதவீதத்தை எளிய விதிகளால் உடைத்துவிடலாம். மீதி 10 சதவீதத்துக்கு வட்டில் உள்ள அகராதியைத் திறந்து பார்க்க வேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் வட்டுக்குப் போனால் நேரம் வீணாகும். விதிவிலக்குச் சொற்கள் அனைத்தையும் நினைவகத்தில் வைக்கவும் அன்றைய கணினிகளில் இடம் இல்லை. ஆகவே, “இந்தச் சொல் விதிவிலக்கா?” என்று கேட்டால் சிறிய இடத்திலிருந்தே பதில் சொல்லும் ஒரு பிட் வரிசையை அவர் அமைத்தார். அது தவறுதலாக ‘ஆம்’ என்றால் ஒருமுறை வட்டுக்கு வீணாகப் போய்வருவதோடு சரி. தவறுதலாக ‘இல்லை’ என்றால் சொல் தப்பாக உடைந்து அச்சாகிவிடும். முதல் பிழையைப் பொறுத்துக்கொள்ளலாம், இரண்டாவது வரவே கூடாது.

அது எப்படி வராமல் இருக்கிறது என்பதைச் சின்ன அளவில் பார்க்கலாம். 0 முதல் 15 வரை எண்ணிட்ட 16 பிட்டுகள், தொடக்கத்தில் எல்லாமே 0. மூன்று ஹாஷ் சார்புகள் ஒவ்வொரு சொல்லுக்கும் மூன்று இடங்களைக் கணக்கிட்டுத் தருகின்றன. ‘கடல்’ என்ற சொல்லுக்கு 2, 7, 11 கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். அந்த மூன்று பிட்டுகளையும் 1 ஆக்குகிறோம். அடுத்து ‘கொடி’, அதற்கு 4, 7, 14. இதில் 7 ஏற்கெனவே 1, அப்படியே இருக்கட்டும்.

இப்போது ‘நிலா’ இருக்கிறதா என்று கேட்கிறோம். அதன் இடங்கள் 4, 9, 11. ஒன்பதாவது பிட் 0. ‘நிலா’ எப்போதாவது சேர்க்கப்பட்டிருந்தால் அந்த பிட் 1 ஆகியிருக்க வேண்டும். எனவே ‘இல்லை’, இதில் ஐயத்துக்கு இடமே கிடையாது. அடுத்து ‘மலை’, அதன் இடங்கள் 2, 4, 14. மூன்றுமே 1. ஃபில்டர் ‘இருக்கலாம்’ என்கிறது. உண்மையில் யாரும் ‘மலை’யைச் சேர்க்கவில்லை, ‘கடல்’ போட்ட ஒரு பிட்டும் ‘கொடி’ போட்ட இரண்டு பிட்டுகளும் தற்செயலாகக் கூடிவிட்டன. இதுதான் பொய்யான ‘ஆம்’.

கற்பவர்கள் தடுமாறும் இடம் அந்த ஏழாவது பிட்தான். இரண்டு சொற்கள் ஒரே இடத்துக்கு மோதும்போது ஒன்று மற்றொன்றை அழித்துவிடாதா என்று கேட்பார்கள். அழிக்காது. சேர்க்கும் வேலை 0ஐ 1 ஆக்கும், 1ஐ 1 ஆகவே விடும். 1ஐ 0 ஆக்கும் செயல் இந்த அமைப்பிலேயே கிடையாது. ‘கடல்’ ஒருமுறை 2, 7, 11ஐ ஏற்றிவிட்டால் அதன்பின் எத்தனை ஆயிரம் சொற்கள் வந்தாலும் அவை இறங்கப்போவதில்லை. அளவுக்கு மீறி அடைத்தால்கூட எல்லா பிட்டும் 1 ஆகி, எதைக் கேட்டாலும் ‘இருக்கலாம்’ என்று சொல்லும் பயனற்ற கருவியாகிவிடும். அப்போதும் பொய்யான ‘இல்லை’ வராது. உறுப்பு ஒன்றுக்கு 10 பிட், 7 ஹாஷ் என்று வைத்தால் பொய்யான ‘ஆம்’ 1 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே இருக்கும். பொய்யான ‘இல்லை’ எந்த அளவிலும் பூஜ்யம்தான்.

அப்படியானால், புளூம் ஃபில்டர் வைத்த நிரல்களில் இருக்கும் பொருளைக் காணவில்லை என்ற புகார் ஏன் எழுகிறது? காரணத்தைக் கருவிக்கு வெளியே தேட வேண்டும்.

முதல் காரணம், நீக்க முயல்வது. ‘கொடி’ வேண்டாம் என்று 4, 7, 14ஐ 0 ஆக்கினால் ‘கடல்’ நம்பியிருந்த ஏழாவது பிட்டும் போய்விடும். மறுமுறை கேட்டால் ‘கடல்’ இல்லை என்று பதில் வரும். இதற்காகவே பிட்டுக்குப் பதிலாகச் சிறு எண்ணி வைக்கும் வகை ஒன்று உண்டு. சேர்க்கும்போது ஒன்று கூட்டுவார்கள், நீக்கும்போது ஒன்று கழிப்பார்கள். ஏழாம் இடத்தில் 2 இருக்கும், ‘கொடி’ போனபின் 1 மிஞ்சும், ‘கடல்’ பிழைக்கும். ஆனால் இதிலும் ஒரு குழி இருக்கிறது. ‘இருக்கலாம்’ என்ற பதிலை நம்பி, சேர்க்காத ‘மலை’யை நீக்கினால் 2, 4, 14 மூன்றும் பூஜ்யமாகும். ‘கடல்’, ‘கொடி’ இரண்டும் ஒரே அடியில் காணாமல் போகும்.

இரண்டாவது காரணம் இன்னும் நுட்பமானது: சேர்த்தபோது ஒரு ஹாஷ், கேட்கும்போது வேறொரு ஹாஷ். பைத்தான் மொழியில் கீழுள்ள கட்டளையை இரண்டு முறை ஓட்டிப் பார்க்கலாம்.

```
python3 -c "print(hash('kadal'))"
```

இரண்டு முறையும் வெவ்வேறு எண் வரும். பாதுகாப்புக்காக 3.3ஆம் பதிப்பிலிருந்து, எழுத்துச்சரங்களின் ஹாஷ் ஒவ்வொரு ஓட்டத்திலும் மாறும்படி வைத்திருக்கிறார்கள். இந்த `hash()`ஐ நம்பி ஃபில்டரைக் கட்டிக் கோப்பில் சேமித்தால், மறுநாள் அதைத் திறந்து கேட்கும்போது இடங்களே வேறு. சேர்த்த சொற்களுக்கெல்லாம் ‘இல்லை’ வரத் தொடங்கும்.

ஹாஷ் சரியாகவே இருந்தாலும் அதற்குள் போகும் பைட்டுகள் மாறலாம். தமிழில் நிரல் எழுதுவோர் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். ‘கொடி’யின் ‘கொ’வை யூனிகோடில் ககரத்தோடு U+0BCA என்ற ஒரே குறியீட்டைச் சேர்த்து எழுதலாம், ககரத்தோடு U+0BC6, U+0BBE என்ற இரண்டைச் சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஹாஷுக்கு இவை இரு வேறு சொற்கள். ஒரு வடிவில் சேர்த்து மற்றதில் தேடினால் சொல் கிடைக்காது. சேர்க்கும் முன்பும் தேடும் முன்பும் NFC என்ற ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் சிக்கல் தீரும்.

இத்தனை தவறுகளுக்கும் இடமே தராத வடிவமைப்பு எப்படி இருக்கும் என்பதற்கு கசாண்ட்ரா என்ற தரவுத்தளம் நல்ல உதாரணம். அது தரவை வட்டில் பல கோப்புகளாக எழுதுகிறது. ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு புளூம் ஃபில்டர். ‘இல்லை’ என்று வந்தால் அந்தக் கோப்பைத் திறப்பதே இல்லை. இங்கே ஒரு பொய்யான ‘இல்லை’ வந்தால், பயனாளர் சேமித்த பதிவு வட்டில் பத்திரமாக இருந்தும் கண்ணுக்குத் தெரியாமல் போகும். அதனால் எழுதிய கோப்பை மாற்றுவதே கிடையாது. ஒரு பதிவை நீக்குவதென்றால்கூட ‘இது நீக்கப்பட்டது’ என்ற குறிப்பைப் புதிதாகச் சேர்க்கிறார்கள். பிறகு கோப்புகளை ஒன்றாக இணைக்கும்போது, மிஞ்சியவற்றைக் கொண்டு ஃபில்டரைப் புதிதாகக் கட்டுகிறார்கள். பழைய ஃபில்டரில் ஒரு பிட்டைக்கூட யாரும் இறக்குவதில்லை.

சொந்தமாக எழுதிய புளூம் ஃபில்டரைச் சோதிக்கும் வழியும் இதிலிருந்தே வருகிறது. சேர்த்த சொற்கள் அனைத்தையும் ஒவ்வொன்றாகத் திரும்பக் கேளுங்கள். கோப்பில் சேமித்து, நிரலை மூடி, மறுபடி திறந்தும் கேளுங்கள். ஒரே ஒரு ‘இல்லை’ வந்தாலும் அதை நிகழ்தகவின் தலையில் கட்டாதீர்கள். அது நிரலில் உள்ள பிழை.