5-3-6-3-5: கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புப் பாதை

பைக்கில் போன இளைஞர் ஒருவர் தூக்கி எறியப்பட்டு, வலது தோள் சாலையில் மோத விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஹெல்மெட் தலையைக் காப்பாற்றிவிட்டது. எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு எதுவும் இல்லை. ஆனால் வலது கையைப் பக்கவாட்டில் தூக்க முடியவில்லை. முழங்கையை மடக்க முடியவில்லை. விரல்களோ நன்றாக மடங்குகின்றன. பேனாவைக்கூடப் பிடிக்க முடிகிறது. கையில் காயமே இல்லாதபோது கோளாறு எங்கே இருக்கிறது?

விடை கழுத்துக்கும் அக்குளுக்கும் நடுவில் இருக்கிறது. கையை அசைக்கும் நரம்புகளும், கையின் உணர்வைச் சுமக்கும் நரம்புகளும் அங்கே ஒன்றோடொன்று பின்னிக் கலந்து, பிறகு பிரிந்து போகின்றன. இதுதான் பிரேக்கியல் பிளெக்சஸ். மருத்துவம், பிசியோதெரபி, நர்சிங் மாணவர்களைத் தேர்வு நேரத்தில் மிரட்டும் படமும் இதுவே. ஆனால் 5-3-6-3-5 என்ற ஐந்து எண்களைப் பிடித்துக்கொண்டால் படம் தானாக வந்துவிடும். இடமிருந்து படித்தாலும் வலமிருந்து படித்தாலும் ஒன்றாகவே இருக்கும் எண் இது. வேர், தண்டு, பிரிவு, கார்டு, கிளை என்ற வரிசையில் ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை என்பதை அது சொல்கிறது.

முதலில் ஐந்து வேர்கள். தண்டுவடத்திலிருந்து வெளிவரும் சி5, சி6, சி7, சி8, டி1 நரம்புகள் இவை. கழுத்தில் ஏழு எலும்புகள்தான் உண்டு, ஆனால் கழுத்து நரம்புகள் எட்டு. அதனால்தான் சி8 நரம்பு உண்டு, சி8 எலும்பு கிடையாது.

அடுத்து மூன்று தண்டுகள். மேலே உள்ள சி5, சி6 இரண்டும் சேர்ந்து மேல் தண்டு. கீழே உள்ள சி8, டி1 சேர்ந்து கீழ்த் தண்டு. நடுவில் இருக்கும் சி7 யாரோடும் சேராமல் தனியே நடுத் தண்டாகிறது.

இனி காறை எலும்பின் பின்னால் நடப்பதுதான் படத்தின் உயிர்நாடி. மூன்று தண்டுகளும் முன் பிரிவு, பின் பிரிவு என்று இரண்டிரண்டாகப் பிரிந்து ஆறாகின்றன. முன் பிரிவுகள் கையின் முன்பக்கத் தசைகளுக்குப் போகின்றன. முழங்கையையும் விரல்களையும் மடக்கும் தசைகள் அவை. பின் பிரிவுகள் பின்பக்கத்துக்கு, அதாவது நீட்டும் தசைகளுக்குப் போகின்றன. மடக்குவதற்கு ஒரு வழி, நீட்டுவதற்கு ஒரு வழி. இந்தக் காரணம் புரிந்துவிட்டால் அடுத்த கட்டத்தை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

பின்பக்கத்துக்குப் போக வேண்டிய மூன்று பிரிவுகளும் ஒன்றாகச் சேர்ந்து போஸ்டீரியர் கார்டு ஆகின்றன. மிச்சமிருக்கும் மூன்று முன் பிரிவுகளில் மேல் இரண்டும் சேர்ந்து லேட்டரல் கார்டு. கீழ்த் தண்டின் முன் பிரிவு மட்டும் தனியே மீடியல் கார்டு. அக்குளில் ஓடும் ஆக்சிலரி தமனிக்கு வெளிப்பக்கம், உள்பக்கம், பின்பக்கம் என்று அவை இருக்கும் இடத்தை வைத்தே இந்த மூன்று பெயர்களும் வந்தன.

கடைசியில் ஐந்து பெரிய கிளைகள். லேட்டரல் கார்டின் ஒரு பாதி மஸ்குலோகியூட்டேனியஸ் நரம்பாகிறது. மீடியல் கார்டின் ஒரு பாதி அல்னார் நரம்பாகிறது. இரண்டு கார்டுகளின் மறுபாதிகளும் நடுவில் கூடி மீடியன் நரம்பாகின்றன. போஸ்டீரியர் கார்டிலிருந்து ஆக்சிலரி, ரேடியல் என்று இரண்டு. மீடியல் என்பது கார்டு, மீடியன் என்பது நரம்பு. இந்த இரண்டையும் மாற்றி எழுதித்தான் பலர் மதிப்பெண்ணை விடுகிறார்கள்.

இப்போது தாளும் இரண்டு நிறப் பேனாக்களும் எடுத்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் 5-3-6-3-5 என்று எழுதுங்கள். நீல நிறத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஐந்து படுகோடுகள் போடுங்கள். மேல் இரண்டையும் சேருங்கள். கீழ் இரண்டையும் சேருங்கள். நடுக்கோடு அப்படியே நீளட்டும். மூன்று கோடுகளிலிருந்தும் சிவப்பில் ஒவ்வொரு கிளை இழுத்து, மூன்றையும் ஒரே கோடாகச் சேருங்கள். அது போஸ்டீரியர் கார்டு. மிஞ்சிய நீலக் கோடுகளில் மேல் இரண்டைச் சேர்த்து, கீழ்க்கோட்டைத் தனியே விடுங்கள். அந்த இரண்டையும் கவையாகப் பிரித்து, உள் கவைகளை நடுவில் இணைத்தால் ஆங்கில ‘எம்’ எழுத்து படுத்திருப்பதுபோல் தெரியும். அதன் மூன்று கால்கள்தான் மஸ்குலோகியூட்டேனியஸ், மீடியன், அல்னார்.

சிறு கிளைகளில் மூன்றை மட்டும் முதலில் சேருங்கள். வேர்களிலிருந்தே கிளம்புபவை டார்சல் ஸ்காபுலர், லாங் தொராசிக். மேல் தண்டிலிருந்து கிளம்புவது சுப்ராஸ்காபுலர். பிரிவுகளிலிருந்து பெயர் சொல்லும்படியான கிளை எதுவும் இல்லை. மற்றவை பெரும்பாலும் கார்டுகளிலிருந்து வருபவை. அவற்றைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

இந்தப் படத்தோடு அந்த இளைஞரிடம் வருவோம். கையைப் பக்கவாட்டில் தூக்கும் டெல்டாய்டு தசைக்கு நரம்பு ஆக்சிலரி; அது போஸ்டீரியர் கார்டிலிருந்து வருவது. அதே வேலையைத் தொடங்கிவைக்கும் இன்னொரு தசைக்கு சுப்ராஸ்காபுலர். முழங்கையை மடக்கும் பைசெப்ஸுக்கு மஸ்குலோகியூட்டேனியஸ். அது லேட்டரல் கார்டிலிருந்து வருவது. வெவ்வேறு வழியில் போகும் மூன்று நரம்புகள் ஒரே நேரத்தில் செயலிழந்திருக்கின்றன. மூன்றையும் பின்னோக்கித் தொடர்ந்து போனால், அவை சந்திக்கும் இடம் மேல் தண்டு. விழும்போது தோள் கீழேயும் தலை எதிர்ப்பக்கமும் இழுபட்டதில் சி5, சி6 பகுதி கிழிந்திருக்கிறது. விரல்களுக்குப் போகும் சி8, டி1 தப்பிவிட்டன.

காயம் தண்டிலா, இன்னும் உள்ளே வேரிலா என்பதையும் இதே படம் சொல்லும். இரண்டு தோள்பட்டைகளையும் பின்னால் ஒன்றையொன்று நெருங்கும்படி இழுக்கச் சொல்வார் மருத்துவர். அந்த வேலையைச் செய்யும் தசைக்கு டார்சல் ஸ்காபுலர்தான் நரம்பு. வேரிலேயே கிளம்பும் அந்த நரம்பும் வேலை செய்யவில்லை என்றால், காயம் தண்டுவடத்துக்கு மிக அருகில் இருக்கிறது என்று சந்தேகிப்பார். கீழ் வேர்கள் அறுபட்டிருந்தால் அடையாளம் வேறு: விரல்கள் பலமிழக்கும்; டி1 தண்டுவடத்தின் அருகிலேயே அறுந்திருந்தால், அதே பக்கத்துக் கண்ணிமை சற்றுத் தொங்கி, கண்மணி சுருங்கியிருக்கும்.

தண்டுவடத்திலிருந்தே பிடுங்கப்பட்ட வேரை மறுபடி தைத்து ஓட்ட முடியாது. அப்போதும் கைகொடுப்பது இந்தப் படம்தான். பிரான்ஸ் அறுவை மருத்துவர் கிறிஸ்டோஃப் ஓபர்லின் 1994இல் ஒரு வழியை வெளியிட்டார். சேதமடையாத அல்னார் நரம்பிலிருந்து மெல்லிய ஓர் இழையை மட்டும் எடுத்து, பைசெப்ஸுக்குப் போகும் நரம்புக் கிளையோடு இணைப்பது அது. அல்னார் சி8, டி1 வழியாக வருவதால் மேல் பகுதி அழிந்தாலும் அது உயிரோடு இருக்கும். அந்த ஒரு இழை போவதால் விரல்களின் பலம் பொதுவாகக் கெடுவதில்லை. முழங்கை மீண்டும் மடங்குகிறது.

இதற்குக் காலக்கெடு உண்டு. அறுந்த நரம்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் வளரும். நரம்பு வந்து சேராத தசையோ ஒன்று, ஒன்றரை ஆண்டுகளில் மீட்க முடியாதபடி சுருங்கிவிடும். ஆகவே விபத்துக்குப் பிறகு எலும்பு சரியாக இருந்தும் கை எழவில்லை என்றால், தானாகச் சரியாகிவிடும் என்று மாதக்கணக்கில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்காதீர்கள். முதல் சில வாரங்களுக்குள் நரம்பு அறுவை தெரிந்த மருத்துவரிடம் காட்டுங்கள். அறுவை தேவைப்பட்டால் ஆறு மாதங்களுக்குள் நடந்துவிடுவது நல்லது.