விண்ணப்பக் கடிதம் மின்னஞ்சலாகும்போது

பள்ளியில் கற்ற விண்ணப்பக் கடிதம் தபால் உறைக்காக உருவானது. அனுப்புநர், பெறுநர், பொருள், மடல் விளி என்று தொடங்கி இடம், நாள், உறைமேல் முகவரி என்று முடியும். அதை அப்படியே மின்னஞ்சலில் ஒட்டினால், கைப்பேசியில் திறப்பவர் கண்ணில் முதலில் படுவது நம் கதவு எண்ணும் தெருப் பெயரும்தான். இன்னொரு வழக்கமும் உண்டு. கடிதத்தையும் சுயவிவரத்தையும் இணைத்துவிட்டு, 'இணைப்பைக் காண்க' என்று மட்டும் எழுதி அனுப்புவது. இது முந்தையதைவிட மோசம். எதற்காகத் திறக்க வேண்டும் என்றே சொல்லாத இணைப்பை வேலை நெருக்கடியில் இருப்பவர் பிறகு பார்க்கலாம் என்று ஒதுக்கிவிடுவார்.

ஓர் உதாரணம். திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனம் டேலியும் ஜிஎஸ்டியும் தெரிந்த கணக்கு உதவியாளர் தேவை என்று தமிழ் நாளிதழில் விளம்பரம் தருகிறது. ஈரோட்டில் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண் ஒரு முழுப் பக்கக் கடிதம் எழுதி வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் பத்தியில் விளம்பரத்தைக் கண்ட செய்தி, இரண்டாவதில் படித்த பள்ளி, கல்லூரி, மதிப்பெண். மூன்றாவதின் நடுவில்தான் பின்னலாடை நிறுவனங்களின் கணக்கைப் பார்த்துவரும் விவரம். கடைசிப் பத்தி முழுவதும் கடுமையாக உழைப்பேன் என்ற உறுதிமொழி.

இதில் அனுப்புநர், பெறுநர், நாள் மூன்றையும் மின்னஞ்சலே காட்டிவிடுகிறது, அவை தேவையில்லை. பள்ளி, மதிப்பெண் எல்லாம் சுயவிவரத்தில் இருக்கின்றன. உறுதிமொழியை எல்லோரும் எழுதுவார்கள், ஆகவே அது எவரையும் தனித்துக் காட்டாது. மிஞ்சுவது மூன்றாம் பத்தியின் அந்த ஒரு விவரம். வேலை கொடுப்பவர் தேடுவதும் அதைத்தான். அது மேலே ஏற வேண்டும்.

பொருள்: கணக்கு உதவியாளர் பணி விண்ணப்பம் – 3 ஆண்டு டேலி, ஜிஎஸ்டி அனுபவம்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

ஞாயிறு நாளிதழில் தாங்கள் அறிவித்த கணக்கு உதவியாளர் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். ஈரோட்டில் ஆடிட்டர் அலுவலகம் ஒன்றில் 3 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். 14 சிறு நிறுவனங்களின் டேலி பதிவுகளையும் மாதாந்திர ஜிஎஸ்டி தாக்கலையும் கவனித்து வருகிறேன். அவற்றில் 5 பின்னலாடை நிறுவனங்கள் என்பதால் ஜாப் ஒர்க் பில்கள் எனக்குப் பழக்கம்.

பி.காம். முடித்திருக்கிறேன். தேர்வானால் ஒரு மாதத்தில் சேர முடியும். என் சுயவிவரத்தை 2 பக்க பிடிஎஃப் கோப்பாக இணைத்துள்ளேன்.

நன்றியுடன்,
(பெயர், கைப்பேசி எண்)

பொருள் வரியில் பணியின் பெயர் முதலில் நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. கைப்பேசித் திரை நீண்ட வரியின் வாலை வெட்டிவிடும். அனுபவம் மறைந்தாலும் எந்த வேலைக்கான மடல் என்பது தெரிய வேண்டும். ஒரே முகவரிக்கு நான்கு பணிகளுக்கான விண்ணப்பங்கள் வரும் அலுவலகத்தில், வெறும் 'வேலை வேண்டி' என்ற வரி எந்தக் கட்டிலும் சேராது. விளம்பரத்தில் குறிப்பு எண் இருந்தால் அதையும் பணிப் பெயரை ஒட்டியே எழுதிவிடலாம்.

இணைப்பைப் பற்றிய வாக்கியம் என்ன கோப்பு, எத்தனை பக்கம் என்று சொல்கிறது. கோப்பு விட்டுப்போனால் படிப்பவருக்கு உடனே தெரியும், கேட்டு வாங்குவார். கோப்பின் பெயரிலும் விண்ணப்பிப்பவர் பெயரும் பணியும் இருக்கட்டும். 'புதியது கடைசி 2' என்ற பெயரோடு போகும் கோப்பு இறக்கியதும் தொலைந்துவிடும். தனிக் கடிதமும் வேண்டும் என்று விளம்பரமே கேட்டால் மட்டும் பழைய கடிதத்தை இரண்டாவது இணைப்பாகச் சேர்க்கலாம்; அப்போதும் மடலின் உடல் இதே அளவில் இருந்தால் போதும்.

தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கடிதத்தை நகலெடுத்து மின்னஞ்சலில் ஒட்டினால், எதிர்முனையில் பொருளற்ற குறிகளாகத்தான் தெரியும். யூனிகோடில் புதிதாக அடிப்பதோ மாற்றி மூலம் மாற்றுவதோ அவசியம். யூனிகோடாகவே இருந்தாலும், வேர்டிலிருந்து ஒட்டும்போது எழுத்தின் அளவும் நிறமும் கூடவே வந்து பத்திக்குப் பத்தி வேறுபடும். கணினியில் ஜிமெயில் பயன்படுத்துவோர் Ctrl+Shift+V அழுத்தி ஒட்டினால் வெறும் எழுத்து மட்டும் வரும்.

அனுப்பும் வரிசையையும் மாற்றிக்கொள்வது நல்லது. முதலில் கோப்பை இணைத்து, பிறகு மடலை எழுதி, பெறுநர் முகவரியைக் கடைசியில் நிரப்பினால், பாதி எழுதிய மடல் கைதவறிப் போகாது. முதல் பிரதியை நம் முகவரிக்கே அனுப்பி, கைப்பேசியில் திறந்து, இணைப்பையும் தொட்டுப் பார்த்துவிட்டால் எழுத்துரு, கோப்பு இரண்டின் கோளாறும் அங்கேயே பிடிபடும். அதையும் மீறி இணைப்பு விட்டுப்போய்விட்டால், புது மடல் தொடங்காமல், அனுப்பிய அதே மடலின் தொடர்ச்சியாக 'விடுபட்ட சுயவிவரத்தை இத்துடன் இணைத்துள்ளேன்' என்ற ஒரு வரியோடு கோப்பை அனுப்பலாம்.