பாதிப் பாதி என்பது சமமல்ல

கணவனும் மனைவியும் பிரிந்த பிறகும் ஜூன் மாதம் பள்ளி திறக்கத்தான் செய்யும். அப்போது பலரும் முதலில் சொல்வது, “ஆளுக்குப் பாதி போட்டுக்கலாம்” என்பதுதான். கேட்க நியாயமாக இருக்கும். கணக்குப் போட்டால்தான் உண்மை தெரியும்.

கைக்கு வரும் சம்பளம் தந்தைக்கு 60,000, தாய்க்கு 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். குழந்தையின் செலவு மாதம் 12,000. ஆளுக்கு 6,000 என்றால் தந்தையின் வருமானத்தில் பத்து சதவீதம் போகிறது. தாய்க்கோ பதினைந்து சதவீதம். வருமான விகிதப்படி 60:40 என்று பிரித்தால் இருவருக்கும் பன்னிரண்டு சதவீதம்தான். சுமை அப்போதுதான் சமமாகிறது.

இதை நேரில் பேசினால் பழைய சண்டை கிளம்பும். எழுதி அனுப்புவதே நல்லது. அந்தத் தாய் இப்படி எழுதலாம்:

“பாப்பாவோட படிப்புச் செலவு பத்தி எழுதறேன். ஸ்கூல் ஃபீஸ், புத்தகம், யூனிஃபார்ம், வேன், சாயங்கால டே கேர் எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 1,44,000 ஆகுது. மாசம் 12,000. நம்ம சம்பளப்படி உங்க பங்கு 7,200, என் பங்கு 4,800. மாசம் 5ஆம் தேதிக்குள்ள அனுப்பிட்டீங்கன்னா டெர்ம் ஃபீஸ் கட்டறப்போ சிரமம் இருக்காது. ரசீதெல்லாம் அனுப்பிடறேன். 2,000 ரூபாய்க்கு மேல புதுசா ஏதாவது செலவுன்னா ரெண்டு பேரும் பேசிட்டுச் செய்யலாம். வர்ற ஜூன்ல சம்பளத்தைப் பார்த்துத் திரும்பக் கணக்குப் போடலாம். ஞாயிற்றுக்கிழமைக்குள்ள பதில் சொல்லுங்க.”

இதில் பழைய குறை ஒன்றும் இல்லை. எவை எவை சேரும் என்று பெயர் சொல்லியிருப்பது முக்கியம். ‘படிப்புச் செலவு’ என்று மட்டும் எழுதினால், வேன் கட்டணம் அதில் சேருமா என்பதிலேயே தகராறு தொடங்கும்.

வருமானம் என்பது வரியும் பி.எஃப்.பும் போக மீதி வருவது. கார் கடன் தவணையையும் கழித்துக் காட்டினால் ஒருவர் வாங்கிய காருக்காக மற்றவர் கூடுதல் ஃபீஸ் கட்டுவதாகிவிடும். சொந்தத் தொழில் செய்பவருக்கு மூன்று ஆண்டு வருமான வரிக் கணக்கின் சராசரியை எடுத்துக்கொள்ளலாம்.

நீதிமன்றங்களுக்கும் இந்த வழி புதிதல்ல. 2000இல் பெற்றோர் இருவரும் வேலையில் இருந்த ஒரு வழக்கில், பிள்ளைகளின் செலவைச் சம்பளத்துக்கு ஏற்ப 2:1 என்று உச்ச நீதிமன்றம் பிரித்தது. 2020இல் ரஜ்னேஷ் – நேஹா வழக்கில், பிள்ளைகளின் கல்விச் செலவு பொதுவாகத் தந்தையுடையது, தாயும் போதிய அளவு சம்பாதித்தால் விகிதப்படி பகிரலாம் என்றது. இரு தரப்பும் சொத்து, வருமான விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்றும் சொன்னது.

பதில் ‘சரி’ என்று வந்துவிட்டால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். பரஸ்பர சம்மத விவாகரத்து மனுவில் இந்த விகிதத்தையும் செலவுப் பட்டியலையும் சேர்க்கச் சொல்லுங்கள். நீதிமன்ற உத்தரவாகிவிட்டால், பணம் வராதபோது அதை நிறைவேற்றக் கோரி மனுப் போடலாம். வெறும் வாட்ஸ்ஆப் செய்தியை வைத்து அப்படிச் செய்ய முடியாது.