கார்டு மறுத்தால், மறுபடி எப்போது கேட்பது?

மாதச் சந்தா வசூலிக்கும் தளம் ஒன்று 28ஆம் தேதி இரவு வாடிக்கையாளரின் விசா கார்டிலிருந்து பணம் எடுக்க முயல்கிறது. மறுப்பு வருகிறது. திரையில் ‘பேமென்ட் தோல்வி’ என்று மட்டும் தெரிந்தாலும், கார்டு கொடுத்த வங்கி கூடவே ஈரிலக்கக் குறியீடு ஒன்றையும் அனுப்பியிருக்கும். பேமென்ட் கேட்வே அதைத் தன் பாணியில் பெயர் மாற்றித் தரும். நிரல் எழுதுபவர் பார்க்க வேண்டியது அதைத்தான்.

51 என்றால் கணக்கில் போதிய பணமில்லை. 91 என்றால் வங்கியின் கணினி பதில் தரும் நிலையில் இல்லை. இரண்டும் சாஃப்ட் டிக்ளைன். பிறகு கேட்டால் கிடைக்கக்கூடும். 41 தொலைந்த கார்டு, 43 திருடுபோன கார்டு, 14 தவறான கார்டு எண். இவை ஹார்ட் டிக்ளைன். எத்தனை முறை கேட்டாலும் பதில் மாறாது. வேறு கார்டுதான் கேட்க வேண்டும். அப்போதும் ‘இது திருடுபோன கார்டு’ என்று திரையில் காட்டிவிடாதீர்கள். எதிரில் இருப்பவர் திருடராகவே இருக்கலாம்.

சாஃப்ட் என்றதும் எல்லாவற்றுக்கும் ஒரே இடைவெளி வைத்துவிடுவதுதான் அதிகம் நடக்கும் பிழை. 91க்கு ஒரு மணி நேரம் கழித்து முயன்றால் போதும். நம் சந்தாதாரருக்கு வந்தது 51. ஒரு மணி நேரத்தில் அவர் கணக்கில் பணம் முளைக்காது. பலருக்குச் சம்பளம் மாத இறுதியிலோ முதல் தேதியிலோ வரும் என்பதால் 1, 4, 8 தேதிகளில் முயன்று, அதற்குப் பின்னும் கிடைக்காவிட்டால் நிறுத்திவிட்டு மின்னஞ்சல் அனுப்புவது நியாயம். மறுக்கப்பட்ட ஒரே கட்டணத்துக்கு 30 நாளில் 15 மறுமுயற்சிகள் என்பது விசாவின் வரம்பு. தாண்டினால் கட்டணம் உண்டு. அந்த 15ஐயும் தீர்த்தாக வேண்டும் என்பதில்லை.

குழப்புவது 05. வங்கி காரணம் சொல்லாமல் கைவிரிக்கிறது என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. ஓரிரு நாள் இடைவெளியில் ஒருமுறை, மிஞ்சினால் இருமுறை முயலலாம். மாஸ்டர்கார்டு தனியாக ஓர் அறிவுரைக் குறியீடும் அனுப்பும். அது 03 என்றிருந்தால் மறுபடி முயலக் கூடாது. 05ஐ மட்டும் படித்து இதைப் படிக்காத நிரல்கள் வீணாகக் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும்.

பதிலே வராமல் நேரம் கடந்துபோவது மறுப்பே அல்ல. பணம் போயிருக்கவும் கூடும். அப்போது முதல் கோரிக்கையோடு அனுப்பிய அதே ஐடெம்பொட்டன்சி கீயோடு மறுபடி கேட்டால், கேட்வே அதை அடையாளம் கண்டு இரண்டாவது தடவை பணம் எடுக்காது. ஆனால் 51 வந்த பிறகு 1ஆம் தேதி முயலும்போது புதிய கீ வேண்டும். ஸ்ட்ரைப் போன்ற கேட்வேக்கள் பழைய கீக்குச் சேமித்து வைத்த பழைய பதிலையே திருப்பித் தரும். வங்கியிடம் போய்க் கேட்கவே கேட்காது.