கேமரா யாரைப் பின்தொடர வேண்டும்?

ஆசிரியர் பலகையின் இடது ஓரத்தில் ஒரு சமன்பாட்டை எழுதிக்கொண்டிருக்கிறார். வகுப்பில் முப்பது பேர் இருக்கிறார்கள், இன்னும் சிலர் வீட்டிலிருந்து திரையில் பார்க்கிறார்கள். வலதுபக்கக் கதவைத் திறந்துகொண்டு அலுவலக உதவியாளர் சுற்றறிக்கையோடு உள்ளே வருகிறார். கூரையில் தொங்கும் கேமரா மெல்லத் திரும்பி அவரைப் பிடித்துக்கொள்கிறது. அவர் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகும்வரை அவரையே காட்டுகிறது. அவர் போன பிறகும் சாத்திய கதவையே காட்டிக்கொண்டு நிற்கிறது. வீட்டிலிருப்பவர்களுக்கு ஆசிரியரின் குரல் கேட்கிறது, சமன்பாடு தெரியவில்லை.

இப்படி நடந்தால் கேமரா பழுது என்று நினைத்துக் கம்பெனிக்கு போன் போடுவார்கள். பெரும்பாலும் பழுது எதுவும் இருக்காது. அந்தக் கேமராவுக்கு ஆசிரியர் யார் என்று தெரியாது. படத்தில் மனித உருவம் எது, அது எந்தப் பக்கம் நகர்கிறது என்பது மட்டும்தான் தெரியும். கதவோரம் அதன் வேலை எல்லைக்கு வெளியே என்று யாராவது சொல்லி வைத்திருக்க வேண்டும். அதைச் சொல்லும் இடம்தான் பின்தொடரும் எல்லை. பல லட்சம் செலவழித்து அறையைத் தயார்செய்துவிட்டு, இந்த எல்லையைப் போடப் பத்து நிமிடம் ஒதுக்காமல் விடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

இந்தக் கேமராக்களில் பலவற்றில் இரண்டு லென்ஸ்கள் இருக்கின்றன. ஒன்று அசையாமல் அறையின் முன்பகுதி முழுவதையும் அகலமாகப் பார்த்துக்கொண்டே இருக்கும். அதில் தெரியும் ஆளை நோக்கி மற்றது திரும்பும், குனியும், ஸூம் செய்யும். ஒரே லென்ஸில் இரண்டு வேலையையும் பார்க்கும் கேமராக்களும் உண்டு. ஆசிரியர் கழுத்தில் அகச்சிவப்பு ஒளி வீசும் பட்டையை மாட்டிக்கொள்ளும் முறையும் இருக்கிறது. அதில் ஆள் மாறிப்போகாது, ஆனால் பட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தால் கேமரா மேசையைத்தான் பார்க்கும். இப்போது வருபவை பெரும்பாலும் பட்டை இல்லாதவை என்பதால் அவற்றையே எடுத்துக்கொள்வோம்.

எல்லை போடும்போது கணினித் திரையில் வகுப்பறையின் அகலமான படம் வரும். அதன்மேல் ஒரு செவ்வகத்தை இழுத்து வரைய வேண்டும். பலரும் இதைத் தரையில் கோடு போடுவதாக நினைத்து, ஆசிரியர் நடக்கும் இடத்தைச் சுற்றி வரைந்துவிட்டால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் இந்தச் செவ்வகம் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிய சட்டம் போன்றது. கண்ணாடிக்கு அப்பால் பக்கத்தில் இருப்பவரும் தூரத்தில் இருப்பவரும் ஒரே சட்டத்துக்குள் தெரியலாம். கேமரா பார்க்கும் கோட்டில் யார் தலை அந்தச் சட்டத்துக்குள் வருகிறதோ அவர் உள்ளே இருப்பதாகவே அது எடுத்துக்கொள்ளும்.

ஒரு அறையைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பலகையின் அகலம் 4 மீட்டர். பலகையிலிருந்து 2 மீட்டர் தள்ளி முதல் பெஞ்சு. கேமரா பலகையிலிருந்து 6 மீட்டர் பின்னால், தரையிலிருந்து 2.7 மீட்டர் உயரத்தில் தொங்குகிறது. ஆசிரியர் பலகைக்கு 80 சென்டிமீட்டர் முன்னால் நிற்கிறார், அவர் உயரம் 1.65 மீட்டர். கேமராவிலிருந்து அவர் உச்சந்தலை வழியாக ஒரு நேர்கோடு இழுத்தால் அது பலகையில் ஏறக்குறைய 1.5 மீட்டர் உயரத்தில் போய்த் தொடும். படத்தில் அவர் தலை இருக்கும் இடம் அது.

இப்போது முதல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மாணவர். உட்கார்ந்த நிலையில் தலை 1.2 மீட்டர். அதே கோடு பலகைச் சுவரில் அரை மீட்டர் உயரத்துக்கும் கீழேதான் தொடும், தொந்தரவில்லை. அவரே கேள்வி கேட்க எழுந்து நின்றால், 1.6 மீட்டர் உயரத் தலை பலகையில் ஏறக்குறைய 1.05 மீட்டரில் தெரியும். ஆகவே செவ்வகத்தின் கீழ்க்கோட்டைப் பலகையில் 1.2 மீட்டர் உயரம் தெரியும் இடத்தில் வைத்தால் ஆசிரியர் தலை மேலே, எழுந்து நின்ற மாணவர் தலை கீழே. இந்த அறையில் மிக முக்கியமான கோடு இதுதான். பக்கவாட்டுக் கோடுகளை எல்லோரும் கவனிக்கிறார்கள், இதை யாரும் கவனிப்பதில்லை.

இதற்கும் வரம்பு உண்டு. எழுந்து நிற்பவர் 1.8 மீட்டர் உயரமானவர் என்றால் அவர் தலை 1.35 மீட்டரில் தெரியும், கோட்டைத் தாண்டிவிடும். ஆசிரியர் 1.5 மீட்டர் உயரம் என்றால் அவர் தலை 1.3-க்குக் கொஞ்சம் மேலே இருக்கும், இருவரையும் கோட்டால் பிரிக்க முடியாது. கேமரா பிடித்தவரை விடாமல் தொடரும் வகை என்றால் சமாளித்துவிடும். இல்லையென்றால் முதல் பெஞ்சை அரை மீட்டர் பின்னால் தள்ளுவது எந்த மென்பொருள் அமைப்பையும்விட நல்ல பலன் தரும். சில மாடல்கள் தலையைப் பார்க்காமல் முழு உடலின் நடுப்புள்ளியைக் கணக்கில் எடுக்கும். அதனால் கணக்குப் போட்டதோடு நிற்காமல், ஆளை நிறுத்திப் பார்த்துத்தான் கோட்டை முடிவுசெய்ய வேண்டும். இடவலம் மட்டும் எல்லை போட அனுமதிக்கும் மாடல்களில் கீழ்க்கோடே கிடையாது. அவற்றில் மாணவர் பேசும்போது பின்தொடரலை நிறுத்தி வைக்க ஒரு ரிமோட் பொத்தான் ஆசிரியர் கைக்கு எட்ட வேண்டும்.

பக்கவாட்டு எல்லை எளிது. இடப்பக்கம் ஆசிரியரின் மேசை உள்ளே இருக்கட்டும். வலப்பக்கம் கதவுக்கு அரை மீட்டர் முன்பே நிறுத்திவிடலாம். வீட்டிலிருக்கும் மாணவர்களின் முகங்கள் தெரியும் டிவி ஒருபக்கச் சுவரில் இருந்தால் அதை வெளியே தள்ளிவிட வேண்டும், ஏனென்றால் திரையில் அசையும் முகத்தையும் சில கேமராக்கள் ஆள் என்றே நம்பும். ப்ரொஜெக்டர் திரை பலகையின் மேலேயே இறங்குகிறது என்றால் சிக்கல். பல மாடல்களில் எல்லைக்குள்ளேயே ஒரு பகுதியைத் தவிர்க்கச் சொல்லும் வசதி உண்டு, திரை விழும் இடத்தை அதில் அடைத்துவிடலாம். சோதிக்க, யாராவது நடந்து போகும் ஒரு வீடியோவைத் திரையில் ஓடவிட்டால் போதும்.

எல்லை சரியாக அமைந்த பிறகும் ஒரு குறை மிஞ்சும். ஆசிரியர் ஒவ்வொரு அடி வைக்கும்போதும் கேமரா கூடவே போனால் பார்ப்பவருக்குக் கண் வலிக்கும். அதைவிடப் பெரிய இழப்பு பலகையில் நடக்கிறது. கணக்கு ஆசிரியர் இடப்பக்கம் தொடங்கி வலப்பக்கம் எழுதிக்கொண்டே போவார். கேமரா அவர் இடுப்புக்கு மேலே நெருக்கமாகக் காட்டிக்கொண்டு கூடவே நகர்ந்தால், "மேலே எழுதியிருக்கோமே, அதையே இங்கே போடுங்க" என்று அவர் கைகாட்டும் வரி சட்டகத்திலேயே இருக்காது.

பலகையில் எழுதி நடத்துகிறவர்களுக்குத் தொடர்ந்து ஓடும் முறை வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. பகுதி முறை என்று ஒன்று இருக்கிறது. பலகையை இரண்டு பாதியாகப் பிரித்து, ஒவ்வொரு பாதிக்கும் ஓர் அசையாத சட்டகத்தை முன்கூட்டியே பதிந்துவைக்கலாம். ஆசிரியர் எந்தப் பாதிக்கு முன் நிற்கிறாரோ அந்தச் சட்டகத்துக்குக் கேமரா ஒருமுறை நகரும், பிறகு அசையாது. இரண்டையும் கலந்து, பலகைக்கு முன்னால் அசையாத சட்டகம், மற்ற இடங்களில் பின்தொடரல் என்று வைக்கும் மாடல்களும் உண்டு.

ஏன் இரண்டு பாதி? முழுப் பலகையையும் ஒரே சட்டகத்தில் காட்டினால் ஏறக்குறைய 4.5 மீட்டர் அகலம் வரும். கேமராவிலிருந்து முழுத் தெளிவோடு கிளம்பினாலும் இணையத்தில் போகும் படம் அடிக்கடி 1280 புள்ளி அகலத்துக்குச் சுருங்கிவிடும். அப்போது 5 சென்டிமீட்டர் உயர எழுத்துக்கு 14 புள்ளிகள் கிடைக்கும். இணையம் மந்தமாகி 640 புள்ளிக்கு இறங்கினால் 7 புள்ளிதான். அந்த அளவில் மெய்யெழுத்தின் புள்ளி காணாமல் போகும், கி எது கீ எது என்று பிரிக்க முடியாது. பாதிப் பலகை, அதாவது 2.3 மீட்டர் அகலம் என்றால் அதே 1280-ல் எழுத்துக்கு ஏறக்குறைய 28 புள்ளி கிடைக்கும். 640-க்கு இறங்கினாலும் 14 தங்கும்.

அடுத்து, ஆசிரியர் எல்லையைவிட்டு வெளியே போனால் கேமரா என்ன செய்ய வேண்டும் என்பதையும் நாம்தான் முடிவுசெய்ய வேண்டும். ஆரம்பத்தில் சொன்ன கதவுக் காட்சியில் கேமரா கடைசியாகப் பார்த்த இடத்திலேயே நின்றுவிட்டது. அமைப்பில் 'ஆள் தொலைந்தால்' என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். ஐந்து நொடி காத்திருந்து, மேசையும் பலகையும் சேர்ந்து தெரியும் அகலமான காட்சிக்குத் திரும்பும்படி அதை வைக்கலாம். ஆசிரியர் பெஞ்சுகளுக்கு நடுவே நடக்கும்போது இதுதான் நடக்க வேண்டும். அவரைத் துரத்திக்கொண்டு மாணவர்களின் முகங்களை அவர்களுக்குத் தெரியாமல் நெருக்கத்தில் காட்டுவதைவிட, அகலமான காட்சியில் பலகை தெரிந்தால் வீட்டிலிருப்பவருக்கும் நல்லது. காத்திருப்பு நேரம் ஒரு நொடி என்று வைத்தால், பேனாவை எடுக்க அவர் குனியும்போதெல்லாம் படம் தாவும்.

கேமரா இவ்வளவு பின்னால் இருப்பதற்கும் காரணம் உண்டு. 6 மீட்டர் தள்ளியிருந்தால் ஆசிரியரின் கண்ணைச் சுமார் 11 முதல் 13 டிகிரி சாய்வில் பார்க்கும், முகம் இயல்பாக இருக்கும். 3 மீட்டரில் தொங்கவிட்டால் சாய்வு 22 டிகிரியாகி, அவர் குனிந்தாலே உச்சந்தலைதான் தெரியும். பின்னால் போகும்போது நம் ஊர் வகுப்பறைகளில் சீலிங் ஃபேன் குறுக்கே வரும். இறக்கையின் மட்டத்துக்குக் கீழே வரும்படி கேமராவின் தண்டு நீளமாக இருக்க வேண்டும். அந்தத் தண்டைக் கான்கிரீட் தளத்தில் போல்ட் போட்டு நிறுத்த வேண்டும், ஃபால்ஸ் சீலிங் பலகையில் அல்ல. ஸூம் செய்த படத்தில் சிறு அதிர்வும் பெரிதாகத் தெரியும். தலைகீழாகத் தொங்குவதால் படத்தைப் புரட்டும் அமைப்பை முதலில் போட்டுவிட்டுத்தான் எல்லையை வரைய வேண்டும். வரைந்தபின் புரட்டினால் மேல்கோடும் கீழ்க்கோடும் இடம் மாறிவிடும்.

எல்லாம் போட்டபின் ஆட்களை வைத்து ஒரு நடை. பொருத்த வந்தவர், "சார், நீங்க எப்பவும் நடத்துற மாதிரி எழுதிக்கிட்டே நடங்க, நான் கதவு வழியா வர்றேன்" என்று சொல்ல வேண்டும். ஆசிரியர் எழுத, அவர் வந்து போக, முதல் பெஞ்சில் ஒருவர் எழுந்து உட்கார, இன்னொருவர் பக்கத்து அறையில் திரையைப் பார்க்க வேண்டும். ஆசிரியர் நகராதபோது படம் நகர்ந்தால் எல்லை பெரிது. ஆசிரியர் பலகை ஓரத்தில் எழுதும்போது படம் அகலக் காட்சிக்கு ஓடினால் எல்லை சிறிது.

தண்டு 2 டிகிரி திரும்பினாலே 6 மீட்டர் தூரத்தில் எல்லை 20 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும், கதவுக்கு விட்ட இடைவெளியில் பாதிக்கு அருகில் போய்விடும். ஃபேன் மாட்டுபவர், சுண்ணாம்பு அடிப்பவர் யார் கை பட்டாலும் போதும். எல்லை போட்ட அன்றே அகலமான படத்தை அந்தச் செவ்வகத்தோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஆசிரியர் மேசைக் கணினியில் சேமித்துவைத்தால், அடுத்த பருவத்தின் முதல் நாளில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக் கோட்டைத் திருத்திவிடலாம்.