வட்டம் சொல்வதும் கோடு சொல்வதும்

பதினொன்றாம் வகுப்பில் நுண்கணிதம் தொடங்கியதும் ஒரு வகைக் கேள்வி வரும். கட்டம் போட்ட தாளில் ஒரு கோடு. நடுவில் ஓரிடத்தில் உள்ளே வெறுமையான சிறு வட்டம், இன்னோரிடத்தில் மை நிரப்பிய வட்டம், வேறோரிடத்தில் கோடு அறுந்து கீழே போய்த் தொடர்கிறது. ‘x, 2-ஐ நெருங்கும்போது சார்பின் எல்லை என்ன?’ என்று கேட்டிருப்பார்கள். பெருக்கவோ வகுக்கவோ எதுவும் இல்லை, படத்தைப் பார்த்துச் சொன்னால் போதும். இருந்தும் கணக்கில் கெட்டிக்காரர்கள்கூட இங்கே தடுமாறுவதுண்டு. கண் முதலில் போய் நிற்பது மை நிரப்பிய புள்ளியில். கேள்வியோ அந்தப் புள்ளியைப் பற்றியதே அல்ல.

ஒரு படத்தை நாமே வரைந்துகொண்டு பார்ப்போம். கட்டம் போட்ட தாளும் பென்சிலும் பக்கத்தில் இருந்தால் நல்லது. x-அச்சில் 0 முதல் 6 வரை எடுத்துக்கொள்ளுங்கள். (0, 1) என்ற இடத்தில் நிரப்பிய வட்டம் வையுங்கள். அங்கிருந்து ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கட்டம் உயரும்படி நேர்கோடு வரைந்து (2, 3)-க்கு வாருங்கள். அங்கே ஒரு திறந்த வட்டம் போடுங்கள். அதைத் தாண்டி அதே கோட்டை அதே சரிவில் (4, 5) வரை கொண்டுபோய், அங்கே இன்னொரு திறந்த வட்டம். இனி கீழே இறங்கி (4, 2)-இல் நிரப்பிய வட்டம் வைத்து, அங்கிருந்து மெல்லச் சரிந்து (6, 1)-இல் முடியும் கோடு ஒன்று வரையுங்கள். முடிவிலும் நிரப்பிய வட்டம். கடைசியாக, தனியே (2, 1)-இல் ஒரு நிரப்பிய வட்டம். இந்தச் சார்பை f என்போம்.

வட்டங்கள் சொல்வது எளிய செய்தி. நிரப்பிய வட்டம், ‘இந்தப் புள்ளி சார்புக்குச் சொந்தம்’ என்கிறது. திறந்த வட்டம், ‘கோடு இதுவரை வருகிறது, ஆனால் இந்தப் புள்ளி மட்டும் சேராது’ என்கிறது. வண்டி நிறுத்துமிடத்தில், 2 மணி நேரம் வரை 20 ரூபாய், அதற்கு மேல் போனால் 40 ரூபாய் என்று எழுதி வைத்திருப்பதாகக் கொள்வோம். சரியாக 2 மணி நேரத்தில் வண்டியை எடுப்பவர் 20 ரூபாய்தான் கொடுப்பார். எனவே கட்டண வரைபடத்தில் 2-க்கு நேரே 20-இல் நிரப்பிய வட்டமும் 40-இல் திறந்த வட்டமும் இருக்கும். இரண்டையும் நிரப்பிவிட்டால் ஒரே வண்டிக்கு இரண்டு கட்டணம் ஆகிவிடும். ஒரு x-க்கு ஒரே மதிப்பு என்பதுதான் சார்பின் இலக்கணம். ஆகவே ஒரே செங்குத்துக் கோட்டில் இரண்டு நிரப்பிய வட்டங்களைக் கண்டால், அந்தப் படம் சார்பின் படமே அல்ல என்று முடிவு செய்துவிடலாம்.

வட்டங்களிலிருந்து தெரிவது f(2), f(4) போன்ற மதிப்புகள் மட்டுமே. f(2) எவ்வளவு என்று கேட்டால் x = 2-க்கு நேரே நிரப்பிய வட்டத்தைத் தேட வேண்டும். அது உயரம் 1-இல் இருக்கிறது, எனவே f(2) = 1. எல்லை கேட்பது வேறு. x என்பது 2-ஐ நோக்கி வரும்போது, 2-ஐத் தொடாமல் வரும்போது, கோட்டின் உயரம் எந்த எண்ணை நோக்கிப் போகிறது என்பதே கேள்வி. lim என்பதன் கீழே x → 2 என்று எழுதுகிறோமே, அந்த அம்புக்குறியின் பொருளும் இதுதான். ஹார்டி 1908-இல் வெளியிட்ட தூய கணிதப் பாடநூல்தான் இந்தக் குறியைப் பரவலாக்கியது. பின்னர் ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த அதே ஹார்டிதான். அம்பு x = 2 என்று சொல்லவில்லை, 2-ஐ நோக்கி என்று மட்டுமே சொல்கிறது.

கையால் செய்யக்கூடிய ஒரு வழி இருக்கிறது. ஒரு காகிதத்தைக் குறுகலாகக் கிழித்து, x = 2-க்கு நேரே மேலிருந்து கீழ்வரை அந்தச் செங்குத்துக் கோட்டை மறைத்துவிடுங்கள். (2, 3)-இல் உள்ள திறந்த வட்டமும் (2, 1)-இல் உள்ள நிரப்பிய வட்டமும் சேர்ந்தே மறைந்துவிடும். இப்போது இடப்பக்கத்திலிருந்து கோட்டின் மேல் பென்சில் முனையை நகர்த்துங்கள். x = 1.9-இல் உயரம் 2.9, x = 1.99-இல் 2.99. வலப்பக்கத்திலிருந்து வந்தால் x = 2.1-இல் 3.1, x = 2.01-இல் 3.01. இரு பக்கமும் 3-ஐ நோக்கியே வருகின்றன. எல்லை 3. காகிதத்துக்கு அடியில் என்ன இருந்தாலும் இந்த விடை மாறாது. தனிப்புள்ளியை (2, 1)-இலிருந்து (2, 100)-க்குத் தூக்கினாலும் எல்லை 3தான். அதை முழுக்க அழித்துவிட்டால் f(2) என்ற மதிப்பே இல்லாமல் போகும், அப்போதும் எல்லை 3தான்.

இப்படிப்பட்ட இடத்தைத்தான் துளை என்கிறோம். இது படம் வரைபவர் வேண்டுமென்றே வைக்கும் பொறி அல்ல. (x² − x − 2)/(x − 2) என்ற கோவையை எடுத்துக்கொள்ளுங்கள். x = 2 என்று போட்டால் மேலேயும் பூஜ்ஜியம், கீழேயும் பூஜ்ஜியம்; மதிப்பே கிடைக்காது. ஆனால் மேலே இருப்பது (x − 2)(x + 1). x என்பது 2 ஆக இல்லாதவரை (x − 2)-ஐ அடித்துவிடலாம், மிஞ்சுவது x + 1. அதாவது நாம் வரைந்த அதே ஏறுகோடு, (2, 3)-இல் ஒரே ஒரு புள்ளி குறைவாக. வகுப்பில் காரணிப்படுத்தி, அடித்து, எல்லை 3 என்று கண்டுபிடிக்கிறோமே, அந்த வேலை முழுவதும் துளையின் உயரத்தை அறிவதற்குத்தான்.

அடுத்து x = 4. மீண்டும் காகிதத்தால் மறையுங்கள். இடப்பக்கத்தில் x = 3.9-க்கு 4.9, 3.99-க்கு 4.99, உயரம் 5-ஐ நோக்கிப் போகிறது. வலப்பக்கத்தில் x = 4.1-க்கு 1.95, 4.01-க்கு 1.995, இங்கே 2-ஐ நோக்கிப் போகிறது. இடப்பக்க எல்லை 5, வலப்பக்க எல்லை 2. இரண்டும் ஒன்றாக இல்லாததால் x = 4-இல் எல்லை இல்லை. f(4) மட்டும் நிரப்பிய வட்டத்தின்படி 2. இங்கே இரண்டு தவறான விடைகள் நியாயமானவை போலவே தோன்றும். நிரப்பிய வட்டம் இருக்கிறதே என்று எல்லை 2 என்பது ஒன்று. 5-க்கும் 2-க்கும் நடுவே 3.5 என்று சராசரி எடுப்பது மற்றொன்று. உயரம் 3.5-க்கு அருகே கோடே இல்லையே, பிறகு எதை நெருங்குவது? தாவல் உள்ள இடத்தில் எல்லை இல்லை என்பதே முழுமையான விடை. கேட்டால் இரு பக்க எல்லைகளையும் தனித்தனியே சொல்லலாம்.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிட வேண்டும். இடப்பக்க எல்லை என்றால் கை இடப்பக்கமாக நகர வேண்டும் என்று சிலர் எண்ணிவிடுகிறார்கள். நாம் எந்தப் பக்கம் நின்று புறப்படுகிறோம் என்பதையே அது குறிக்கிறது. இடப்பக்கத்தில் நின்று 4-ஐ நோக்கி வரும்போது பென்சில் வலப்பக்கமாகத்தான் நகரும்.

படத்தின் ஓரமான x = 0-இல் என்ன சொல்வது? வலப்பக்கத்திலிருந்து வந்தால் உயரம் 1-ஐ நோக்கிப் போகிறது. இடப்பக்கத்தில் கோடே இல்லை. பள்ளிப் பாடத்தில் இரு பக்கமும் ஒத்துவர வேண்டும் என்பதால், அங்கே வலப்பக்க எல்லை 1 மட்டுமே உண்டு என்று எழுதுவது வழக்கம். கல்லூரிப் பகுப்பாய்வு நூல்கள் பல, சார்பு வரையறுக்கப்பட்ட x-களை மட்டும் கணக்கில் கொண்டு, எல்லை 1 என்றே சொல்லும். முரண்பாடு எதுவும் இல்லை, வரையறைதான் வேறு. கையில் உள்ள புத்தகம் எதைச் சொல்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

கைபேசியில் வரைந்து பார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மேலே சொன்ன பின்னக் கோவையை ஒரு வரைபடச் செயலியில் போட்டால் பெரும்பாலும் இடைவெளியே இல்லாத கோடுதான் தெரியும். துளைக்கு அகலம் கிடையாது, திரையின் புள்ளிக்கோ அகலம் உண்டு. தாவலில் இதற்கு நேர்மாறான கோளாறு. சில கருவிகள் கணக்கிட்ட புள்ளிகளை வரிசையாகக் கோட்டால் இணைத்துவிடும். அப்போது x = 4-இல் 5-லிருந்து 2 வரை செங்குத்தாக ஒரு கோடு முளைக்கும். ஒரே x-க்கு பல உயரங்களைக் காட்டும் கோடு சார்பில் இருக்க முடியாது. எனவே அது கருவி போட்டது, சார்பில் உள்ளதல்ல என்று கண்டுகொள்ளலாம். கேள்வித்தாளில் திறந்த வட்டத்தைப் பெரிதாக வரைவதும் இதற்காகவே, இல்லாவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. படத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. பூஜ்ஜியத்துக்கு அருகே sin(1/x) எண்ணற்ற முறை மேலும் கீழும் ஆடும். எவ்வளவு பெரிதாக்கினாலும் அங்கே மைப்பட்டையைத்தான் காண்போம். அந்த இடத்தில் எல்லை இல்லை என்பதைக் கணக்கால்தான் உறுதி செய்ய முடியும்.

இவ்வளவும் தெளிவானவர்களுக்கு ஒரு கேள்வி, எனக்கு மிகவும் பிடித்தமானது. g(x) = 4 − (x − 1)² என்று இன்னொரு சார்பு. இது கவிழ்ந்த பரவளையம், x = 1-இல் உச்சி, உச்சியின் உயரம் 4. இப்போது x, 1-ஐ நெருங்கும்போது f(g(x))-இன் எல்லை என்ன? g(x) 4-ஐ நெருங்குகிறது. f-க்கு 4-இல் எல்லை இல்லை என்று இப்போதுதான் கண்டோம். எனவே விடையும் இல்லை என்று எழுதத் தோன்றும்.

எண்களைப் போட்டுப் பாருங்கள். x = 0.9 என்றால் g(x) = 3.99. x = 1.1 என்றாலும் அதே 3.99. x = 0.99 என்றால் 3.9999. x எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் g(x) உச்சிக்குக் கீழேயே இருக்கிறது, 4-ஐத் தாண்டுவதே இல்லை. ஆகவே f-இன் வரைபடத்தில் நாம் எப்போதும் 4-க்கு இடப்பக்கம்தான் நிற்கிறோம். f(3.99) = 4.99, f(3.9999) = 4.9999. எல்லை இருக்கிறது, அது 5. அதேசமயம் f(g(1)) என்பது f(4), அதாவது 2. பரவளையத்தை நிமிர்த்தி g(x) = 4 + (x − 1)² என்று மாற்றினால், g(x) எப்போதும் 4-க்கு மேலே இருக்கும். அப்போது x = 0.9-இல் g(x) = 4.01, f(4.01) = 1.995, எல்லை 2.