ஒரே நாளில் புது ஸ்கிரீன்: பேனர் சொல்வதும் சொல்லாததும்

புதிதாகத் திறக்கும் மொபைல் சர்வீஸ் கடையின் பேனரில் பெரும்பாலும் இரண்டு வரிகள் பெரிதாக இருக்கும். உடைந்த ஸ்கிரீனை அன்றே மாற்றித் தருவோம் என்பது ஒன்று, திறப்பு விழா சலுகை இன்னொன்று. 'ஸ்கிரீன் மாற்ற வேலைக் கூலி கிடையாது, பார்ட்ஸ் விலை மட்டும்' என்று ஒரு கடை போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். எனக்குப் பிடித்த சலுகை இதுதான். 'பாதி விலை' என்றால் எந்த விலையில் பாதி என்று தெரியாது. பார்ட்ஸ் விலையைப் பக்கத்துக் கடையில் கேட்டு ஒப்பிட்டுவிடலாம். ஆனால் ஒரே மாடலுக்கு இரண்டு மூன்று தரத்தில் டிஸ்ப்ளே கிடைக்கிறது. எதன் விலை என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஒருவர் காலை பதினொரு மணிக்கு வருகிறார். அமோலெட் திரை உள்ள போன், திரைக்குள்ளேயே கைரேகை சென்சார். கீழே விழுந்து கண்ணாடி முழுக்க விரிசல். படம் தெளிவாகத் தெரிகிறது, டச்சும் வேலை செய்கிறது. "அண்ணே, மேல் கண்ணாடி மட்டும்தானே போயிருக்கு, அதை மட்டும் மாத்த முடியாதா?" என்கிறார். நியாயமான கேள்விதான். கண்ணாடியும், டச்சும், படம் காட்டும் பேனலும் பசையால் ஒட்டி ஒரே துண்டாக இருக்கின்றன. கடைக்காரர்கள் இதைக் காம்போ என்பார்கள். சூடான தட்டில் வைத்து, முடியை விட மெல்லிய கம்பியால் அறுத்துக் கண்ணாடியைப் பிரிக்கலாம். பிறகு பசைத்தாள் வைத்துப் புதுக் கண்ணாடியை ஒட்டி, அழுத்தக் கலனில் காற்றுக் குமிழ்களைப் போக்க வேண்டும். செலவு குறைவு. ஆனால் அமோலெட் பேனல் மிக மெல்லியது; கம்பி சற்று விலகினாலும் பச்சைக் கோடு விழும், அல்லது திரையே கறுத்துவிடும். அதனால் பல கடைகள் காம்போவாகவே மாற்றுகின்றன.

அந்த வேலை ஒரு மணி நேரத்துக்குள் முடியக்கூடியது. போனை அணைத்து, சிம் தட்டை எடுத்து, பின்பக்கத்தைச் சூடாக்கித் திறப்பார்கள். முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். பழைய திரையை எடுத்து, ஃபிரேமில் ஒட்டியிருக்கும் கண்ணாடித் துகளையும் பசையையும் சுரண்டுவதில்தான் நேரம் போகும். ஒரு துகள் மிஞ்சினாலும் புதுத் திரை அந்த இடத்தில் தூக்கிக்கொண்டு நிற்கும், பிறகு அங்கேயே உடையும். நல்ல டெக்னீஷியன் புதுத் திரையை ஒட்டும் முன்பே இணைத்துப் பார்த்துவிடுவார். ஒட்டிய பிறகு கிளிப் மாட்டிச் சில மணி நேரம் விட வேண்டும். பசை முழுதாக இறுகச் சுமார் ஒரு நாள் ஆகும் என்பதால், மாலையில் போன் கைக்கு வந்தாலும் அன்று இரவு இறுக்கமான பாக்கெட்டில் திணிக்காமல் இருப்பது நல்லது.

ஆக, 'அன்றே' என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கை வேகம் அல்ல, கையிருப்பு. அதிகம் விற்கும் மாடலின் திரை கடையிலேயே இருக்கும். இல்லையென்றால் சென்னைக் கடைக்காரர் ரிச்சி தெருவுக்கு ஆள் அனுப்பி மதியத்துக்குள் வரவழைக்கலாம். சின்ன ஊரில் பார்சல் வர மறுநாள் ஆகலாம். அதனால் கிளம்பும் முன் மாடல் எண்ணைச் சொல்லி, "டிஸ்ப்ளே கையில் இருக்கா?" என்று போனில் கேட்டுவிடுங்கள்.

நம் வாடிக்கையாளருக்கு இரண்டு விலை சொல்கிறார்கள். கம்பெனி தரத்து அமோலெட் ஒன்று. அதில் பாதிக்கும் குறைவாக, எல்சிடி வகைக் காப்பி இன்னொன்று. காப்பியைப் போட்டால் போன் ஓடும், ஆனால் கைரேகை வேலை செய்யாது. திரைக்குப் பின்னால் இருக்கும் சென்சாரை எல்சிடியின் பின்விளக்கு அடுக்கு மறைத்துவிடும். கறுப்பு சாம்பலாகத் தெரியும், பேட்டரியும் சீக்கிரம் இறங்கக்கூடும். ரீல்ஸ் பார்க்கும் பழைய போனுக்கு இது போதும் என்று ஒருவர் முடிவு செய்தால் தப்பில்லை. தெரிந்து வாங்க வேண்டும், அவ்வளவுதான். ஐபோன் 11 முதலான மாடல்களில் ஒரிஜினல் அல்லாத திரை போட்டால் போனே அதை ஒரு குறிப்பாகக் காட்டிவிடும்.

கடையை விட்டுக் கிளம்பும் முன் ஐந்து நிமிடம் செலவிடுங்கள். வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, ஓரங்களில் மங்கலோ கோடோ உண்டா என்று பாருங்கள். ஒரு ஐகானைப் பிடித்துத் திரையின் நான்கு மூலைக்கும் இழுங்கள். நடுவில் விட்டுப்போனால் அந்த இடத்தில் டச் இல்லை. யாருக்காவது போன் செய்து காதில் வைத்தால் திரை அணைய வேண்டும். சாம்சங் போனில் டயல் பக்கத்தில் `*#0*#` அடித்தால் பல மாடல்களில் நிறச் சோதனையும் டச் சோதனையும் வரும். தண்ணீர் புகாத போனாக இருந்தால், திறந்து ஒட்டிய பிறகு அந்தப் பாதுகாப்பை நம்ப வேண்டாம்.

பில்லில் 'டிஸ்ப்ளே' என்று மட்டும் எழுதவிடாமல், எந்தத் தரம், எத்தனை மாத வாரண்டி, டச் போனாலும் மாற்றித் தருவார்களா என்பதையும் எழுதி வாங்குங்கள். கூலி இல்லை என்ற சலுகை, வாரண்டியில் மறுபடி மாட்டும்போதும் உண்டா என்று அப்போதே கேட்டுவிடலாம்.